‘என்ன வேணும்?’ என்று கேட்பதற்கு முன்

ஒரு செவ்வாய்க்கிழமை இரவு பத்தே முக்காலுக்கு என் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. ஒரே படம். கூட ஒரு வார்த்தை கிடையாது, ஒரு கேள்விக்குறிகூடக் கிடையாது. ஒரு படுக்கையறை. கட்டில், இரும்பு பீரோ, கட்டுக்கட்டாகப் பழைய பேப்பர், ஒரு அரிசிச் சாக்கு, பிளாஸ்டிக் நாற்காலி, ஸ்டூல், அதன்மேல் கெட்டில், தரையில் ஒயர். அனுப்பியவர் பெங்களூரில் வேலை பார்க்கும் ஒரு பெண். இரண்டு வருடம் முன்பு அவருடைய மாமியாருக்குக் குளியலறையில் கைப்பிடி பொருத்திக் கொடுத்திருந்தேன். அதுதான் பழக்கம். திருச்சியில் வயதானவர்கள் இருக்கும் வீடுகளைத் திருத்திக் கொடுப்பது என் தொழில். கைப்பிடி, குளியலறைத் தரை, படிக்கட்டு, ஒயரிங் எல்லாம் அதில் அடக்கம்.

அதே படத்தை அன்று அவர் இன்னும் மூன்று பேருக்கு அனுப்பியிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அத்தை, “பொம்பள இல்லாத வீடு அப்படித்தான் கெடக்கும், ஒரு ஆளு வச்சு ஒழிச்சுப் போடு” என்று குரல் செய்தி அனுப்பியிருந்தார். தோழி, மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாக்கள் விற்கும் பக்கத்துக்கு இணைப்பு அனுப்பியிருந்தார். உள் அலங்காரம் செய்கிற ஒரு தெரிந்தவர், “சொல்லுங்க மேடம், என்ன வேணும்?” என்று கேட்டிருந்தார். மூவருமே நல்லவர்கள், மூவருமே உடனே பதில் போட்டிருக்கிறார்கள். ஆனால் மூவர் சொன்னதும் தவறு. ஏன் தவறு என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஏனென்றால் இந்த மூன்றும் அந்த மூவருடைய பதில் மட்டுமல்ல, என் தொழிலில் இருப்பவர்களும் சேர்த்து நாம் எல்லோரும் வழக்கமாகச் சொல்லும் பதில்.

கலைந்து கிடக்கும் அறையின் படம் வந்தால் அதற்கு ஒரே அர்த்தம், ஒழுங்குபடுத்தக் கேட்கிறார்கள் என்பது முதல் கருத்து. இது எங்கும் பரவி நிற்கிறது. ஜப்பானின் மாரி கோண்டோவின் புத்தகம் 2011-இல் வந்தது, 2019-இல் அவருடைய நிகழ்ச்சி நெட்ஃபிளிக்ஸில் வந்தது. அதன்பின் கலைந்த அறை என்றாலே கழித்துக்கட்ட வேண்டிய அறை என்று கண் பழகிவிட்டது. அவர் சொன்னதில் எனக்குச் சண்டை இல்லை. தன் துணியை, தன் புத்தகத்தை, தன் காகிதத்தைத் தானே எடுத்துப் பார்த்து வைத்துக்கொள்வதா விடுவதா என்று முடிவு செய்பவருக்காக அவர் சொன்ன முறை அது. அடுத்தவர் அறையை வாசலில் நின்று படம் பிடித்தவருக்கு அதை அப்படியே தூக்கிக் கொடுப்பதுதான் பிழை.

இரண்டாவது கருத்து இதைவிடப் பண்பானது, அதனாலேயே மறுப்பதற்குக் கடினமானது. செய்தி இல்லாத படத்துக்கு எதுவும் சொல்லக் கூடாது, ஒழுங்குபடுத்தவா, அழகுபடுத்தவா, ஆபத்து ஏதும் இருக்கிறதா என்று பார்க்கவா என்று அவரே சொல்லட்டும், முதலில் கேள் என்பார்கள். கேட்பது மரியாதை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தக் கேள்வி யாரிடம் போய் விழுகிறது என்று பாருங்கள். வார்த்தை கிடைக்காததால்தான் அவர் படத்தை அனுப்பினார். அவரிடமே வார்த்தையைக் கேட்கிறோம். என் அனுபவத்தில் இந்தக் கேள்விக்கு வரும் பதில் பெரும்பாலும், “ஒண்ணுமில்ல, சும்மாதான் அனுப்பினேன்” என்பதுதான். அதோடு பேச்சு முடிந்துவிடும். அறை அப்படியே கிடக்கும்.

சொல் கிடைக்காத இடத்தில் படத்தை நம்பலாம் என்பது என்னுடைய கண்டுபிடிப்பு இல்லை. பொருள் சேர்த்துக் குவிக்கும் பழக்கத்தை ஆராய்ந்த ராண்டி ஃப்ராஸ்ட், கெயில் ஸ்டெக்கெட்டி முதலானோர் 2008-இல் ஒரு அளவுகோலை வெளியிட்டார்கள். அதில் கேள்வி எதுவும் இல்லை. சமையலறை, படுக்கையறை, முன்னறை ஒவ்வொன்றுக்கும் ஒன்பது படங்கள், கொஞ்சம் கொஞ்சமாக நிறைந்துகொண்டே போகும். உங்கள் அறை எந்தப் படத்தைப் போல இருக்கிறது என்று விரலை வைத்தால் போதும். ‘கொஞ்சம் கலைஞ்சு கிடக்கு’ என்ற சொல்லுக்கு ஒரு வீட்டில் ஒரு அர்த்தம், அடுத்த வீட்டில் வேறு அர்த்தம் என்பதால்தான் அவர்கள் சொல்லை விட்டுப் படத்துக்குப் போனார்கள். லண்டன் தீயணைப்புப் படையினரும் ஒரு வீட்டின் ஆபத்தை எடைபோட அதைப் பயன்படுத்துகிறார்கள். சொல் தோற்கும் இடத்தில் படம் பேசும் என்று தெரிந்தவர்கள் அவர்கள். நம்மிடம் படம் வந்துவிட்டது, நாமோ திரும்பவும் சொல்லைக் கேட்கிறோம்.

அந்த இரவு வந்த படத்துக்கு வருகிறேன். அதில் முதலில் பார்க்க வேண்டியது பொருட்களை அல்ல, படம் எடுத்தவர் எங்கே நின்றார், எதை நடுவில் வைத்தார் என்பதை. வீட்டை அழகுபடுத்த நினைப்பவர் சுவரைக் காட்டுவார். போனைப் படுக்கையாகப் பிடித்து, பகல் வெளிச்சத்தில், வெற்றுச் சுவர் நடுவில் வருவதுபோல எடுப்பார். குப்பையைக் கண்டு எரிச்சல்படுபவர் வாசலில் நின்று முழு அறையும் விழுகிற மாதிரி எடுப்பார். இந்தப் படத்தில் பீரோவின் மேல்பாதி வெட்டுப்பட்டிருந்தது, சுவர் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. போனைக் கீழ்நோக்கிச் சாய்த்து எடுத்திருந்தார். படத்தில் பாதி தரை. நடுவில் இருந்தது கட்டிலுக்கும் பீரோவுக்கும் இடையில் ஓடும் ஒரு நடைபாதை. அவருடைய மனம் சொல்ல நினைத்ததைக் கை எடுத்திருக்கிறது. இது டப்பா வாங்குவதற்காக எடுத்த படம் அல்ல.

அடுத்து அளவு. படத்தில் அளவுகோல் இல்லையே என்பார்கள். தரை ஓடு இருக்கிறதே! இன்றைய வீடுகளில் பெரும்பாலும் இரண்டடிக்கு இரண்டடி விட்ரிஃபைடு டைல்ஸ். ஒன்று இரண்டு என்று எண்ணினால் அறையின் அளவு வந்துவிடும். கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே இரண்டு ஓடு அகலம் தெரிந்தது. அதில் பேப்பர் கட்டும் அரிசிச் சாக்கும் போக முக்கால் ஓடுதான் மிச்சம். ஒன்றரை அடி என்று கணக்குப் போட்டேன்.

மூலையில் ஒரு வாக்கர் நின்றது. அதன்மேல் ஈரத்துண்டு காய்ந்துகொண்டிருந்தது. அந்தத் துண்டைப் பார்த்ததும் எனக்கு மற்றதெல்லாம் விளங்கிவிட்டது. வாக்கரின் அகலம் ஏறக்குறைய இரண்டடி, பாதையின் அகலம் ஒன்றரை. வாக்கர் அங்கே போகாது. போகாத வாக்கர் துணி காயப்போடும் ஸ்டாண்டாகிவிடும். அப்படியென்றால் இந்த அறையில் இருப்பவர் எதைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்?

பிளாஸ்டிக் நாற்காலியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அது எதையும் நோக்கிப் போடப்படவில்லை. ஜன்னலைப் பார்க்கவில்லை, மேசையைப் பார்க்கவில்லை. முதுகைப் பாதைக்குக் காட்டிக்கொண்டு நிற்கிறது. அந்த முதுகின் மேல்விளிம்பில் ஒரு கை அகலத்துக்கு அழுக்கேறிக் கருத்திருக்கிறது. அங்கிருந்து ஒரு கை நீட்டும் தூரத்தில் ஸ்டூல். அதிலிருந்து ஒரு கை தூரத்தில் பீரோவின் விளிம்பு, அங்கேயும் இடுப்பு உயரத்தில் பெயின்ட் மழுங்கியிருக்கிறது. கட்டிலிலிருந்து கதவு வரை அந்த மனிதர் கட்டி வைத்திருக்கும் கைப்பிடிக் கம்பி இது. வீட்டுச் சாமான்களைப் பிடித்துப் பிடித்து நடப்பது, கால் தளர்ந்த முதியவர்கள் தாங்களாகவே கண்டுபிடித்துக்கொள்ளும் வழி. எங்கள் தொழிலில் இருப்பவர்களும் பிசியோதெரபி செய்பவர்களும் எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறோம்.

இப்போது அத்தையின் யோசனையை இந்த அறையில் வைத்துப் பாருங்கள். ஆள் வைத்து ஒழித்துப்போடுகிறோம். அநாவசியமாக நடுவில் நிற்கும் நாற்காலிதான் முதலில் வெளியே போகும். ஸ்டூல் சமையலறைக்குப் போகும். அறை பளிச்சென்று ஆகிவிடும். அன்று இரவு இரண்டு மணிக்கு அவர் எழுந்து இருட்டில் கையை நீட்டுவார். பல வருடம் பழகிய இடத்தில் நாற்காலி இருக்காது. கீழே விழுவதால் உலகம் முழுவதும் ஆண்டுக்கு 6 லட்சத்து 84 ஆயிரம் பேர் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அதில் 60 வயதைத் தாண்டியவர்களே அதிகம். அப்படி ஒரு விழுகை நன்றாகக் கூட்டித் துடைத்த அறையிலும் நடக்கும். ஒழுங்குபடுத்துவதால் ஒன்றும் கெட்டுப்போய்விடாது என்ற நம்பிக்கையைத்தான் நான் முதலில் எதிர்க்கிறேன். கெட்டுப்போகும்.

ஆகவே என் வாதம் இதுதான். செய்தி இல்லாத படத்தில் நோக்கம் எதுவாகவும் இருக்கலாம். அதில் எதற்கு வாய்ப்பு அதிகம் என்று மட்டும் பார்த்துப் பதில் சொல்லக் கூடாது. எதைத் தவறவிட்டால் திருப்பி எடுக்க முடியாது என்று பார்த்து வரிசைப்படுத்த வேண்டும். அழகுபடுத்தக் கேட்டவரிடம் நான் ஒயரைப் பற்றி ஒரு வரி சொல்லிவிட்டால் அவருக்கு நஷ்டம் அரை நிமிடம். ஒயரைப் பற்றிக் கேட்டவரிடம் நான் திரைச்சீலை நிறம் பேசினால் நஷ்டம் என்ன என்று யாருக்கும் தெரியாது. இரண்டும் ஒரே தட்டில் வைக்கக்கூடிய தவறுகள் அல்ல.

ஒயர் என்றேன். ஸ்டூலில் இருந்த கெட்டில் கட்டில் தலைமாட்டில் கிடந்த ஜங்ஷன் பாக்ஸில் செருகியிருந்தது. அதே பாக்ஸில் டேபிள் ஃபேனும் இருந்தது. ஒயர் நடைபாதையைக் குறுக்கே தாண்டி மிதியடிக்கு அடியில் போய் மறைந்தது. கடைகளில் விற்கும் சாதாரண ஜங்ஷன் பாக்ஸ் 6 ஆம்பியர் தாங்கும். நம் ஊர் 230 வோல்ட்டில் அது 1380 வாட். இந்த மாதிரிக் கெட்டில் பெரும்பாலும் 1500 வாட், அதாவது ஆறரை ஆம்பியர். மிகுதி கொஞ்சம்தான், தண்ணீர் கொதிக்க நாலைந்து நிமிடம்தான் ஆகும். இதனால் இன்றைக்கே தீப்பிடிக்கும் என்று நான் யாரையும் பயமுறுத்த மாட்டேன். ஆனால் படத்தைப் பெரிதாக்கியபோது கெட்டில் செருகியிருந்த துளையைச் சுற்றி வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தது. அது அழுக்கு அல்ல. உள்ளே பின்னைக் கவ்வும் பித்தளைத் தகடு தளர்ந்துவிட்டது, ஒவ்வொரு முறையும் அங்கே சூடேறுகிறது என்று அர்த்தம். எம்சிபி இருக்கிறதே, டிரிப் ஆகிவிடுமே என்று கேட்பார்கள். அந்த பாயிண்டுக்கு 10 அல்லது 16 ஆம்பியர் எம்சிபி இருந்தால் ஆறரை ஆம்பியர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. தளர்ந்த தகடு சூடாவது அதற்குத் தெரியவும் தெரியாது. பழுப்பு நிறமும் எரிந்த வாடையும்தான் அடையாளம். வாடை படத்தில் வராது, நிறம் வரும்.

நான் எழுதிய பதில் இது: “கெட்டிலை அந்த பாக்ஸில் இனி போட வேண்டாம்மா, துளையைச் சுற்றிக் கருகியிருக்கு. நாற்காலியையும் ஸ்டூலையும் இப்போதைக்கு யாரும் நகர்த்த வேண்டாம். இது யாருடைய ரூம்? அவர் ராத்திரி பாத்ரூமுக்கு எந்தப் பக்கமாகப் போவார்?”

நானும் கேள்வி கேட்டுத்தான் முடித்தேன். கேட்பதையே நான் மறுக்கவில்லை. முதலில் கேட்பதையும், ‘என்ன வேணும்?’ என்று கேட்பதையும்தான் மறுக்கிறேன். யாருடைய அறை என்ற கேள்விக்கு யோசிக்காமல் பதில் சொல்லிவிடலாம், அந்தப் பதில் மற்ற எல்லாவற்றையும் மாற்றிவிடும். அது அனுப்பியவருடைய சொந்த அறை என்றால் ஒழுங்குபடுத்துவதைப் பற்றிப் பேசலாம். அப்பாவின் அறை என்றால் அப்பாவைக் கேட்காமல் ஒரு பேப்பர் கட்டைக்கூடத் தொடக் கூடாது. குவித்து வைக்கும் பழக்கம் உள்ளவர்களின் அறையை அவர்கள் இல்லாத நேரத்தில் காலிசெய்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். உள்ளே இருப்பவரின் மனம் உடைந்துபோகும், சில மாதத்தில் அறையும் மறுபடி நிறைந்துவிடும்.

ஐந்து நிமிடம் கழித்து அவர் போனில் கூப்பிட்டார். “அண்ணா, அப்பா ரூம்தான். நேத்து விழுந்திருக்காரு. யார்கிட்டயும் சொல்லல. வேலைக்கு வர்ற அக்கா சொல்லித்தான் தெரியும். ஞாயித்துக்கிழமை தம்பி வந்து எல்லாத்தையும் எடுத்துப் போடறேங்கறான்” என்றார். அப்பாவுக்கு 78 வயது. வார இறுதிக்கு வந்திருந்தபோது எடுத்த படம். அன்றே என்னவோ சரியில்லை என்று தோன்றியிருக்கிறது, என்னவென்று சொல்லத் தெரியவில்லை. விழுந்த செய்தி தெரிந்ததும் அந்தப் படத்தைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பியிருக்கிறார்.

இப்படிப் படிப்பதில் தவறு நேராதா என்று கேட்பீர்கள். நேரும், எனக்கே நேர்ந்தது. வியாழக்கிழமை அந்த வீட்டுக்குப் போய் டேப் வைத்து அளந்தபோது ஓடு இரண்டடி அல்ல, 16 அங்குலம். பழைய வீடு, பழைய செராமிக் டைல்ஸ். நான் ஒன்றரை அடி என்று கணித்த பாதை உண்மையில் ஓரடி. டைல்ஸை மட்டும் நம்பாமல் சுவிட்ச் போர்டையோ மடித்த செய்தித்தாளையோ பக்கத்தில் வைத்து ஒப்பிட்டிருந்தால் படத்திலேயே தெரிந்திருக்கும். போன் கேமராவை அகலக் கோணத்தில் வைத்து எடுத்தால் முன்னால் இருப்பது பெரிதாகவும் பின்னால் இருப்பது தள்ளியும் தெரியும், அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். மிதியடிக்கு அடியில் ஒயரின் உறை தேய்ந்து செம்பு தெரிந்ததும் படத்தில் இல்லை. கண்ணால் கண்டது எது, ஊகித்தது எது என்று பிரித்துச் சொல்லிவிட்டால் இந்தத் தவறுகளால் கேடு வராது. துளை கருகியிருப்பதை நான் கண்டேன், நாற்காலியைப் பிடித்து நடக்கிறார் என்று ஊகித்தேன். அதனால்தான் முதலாவதற்கு ‘போட வேண்டாம்’ என்றும் இரண்டாவதற்கு ‘இப்போதைக்கு நகர்த்த வேண்டாம்’ என்றும் எழுதினேன்.

ஆபத்தைப் பேசினால் மனம் புண்படும் என்பது இன்னொரு மறுப்பு. ஆபத்தைச் சொன்னதால் புண்பட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அழுக்கைச் சொன்னதால் புண்பட்டவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். அத்தையின் குரல் செய்தியைக் கேட்டு அந்தப் பெண் அழுதிருக்கிறார். நான் கண்டதில் இரண்டை மட்டும் சொன்னேன், இரண்டுக்கும் உடனே என்ன செய்வது என்று சொன்னேன், பேப்பர் கட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. அன்று இரவு கண்டதையெல்லாம் அடுக்கியிருந்தால் அவர் ஒன்றையும் செய்திருக்க மாட்டார்.

உண்மையாகவே அழகுபடுத்தக் கேட்டு வரும் படங்களும் உண்டு. புதிதாகக் குடிவந்த ஒரு இளம் தம்பதி அனுப்பிய படத்தில் டேப் பிரிக்காத அட்டைப்பெட்டிகள், நடுவில் வெற்றுச் சுவர், ஓரத்தில் விரித்து வைத்த அளவு டேப். பரணில் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்த சூட்கேஸ் தொட்டிலுக்கு நேர் மேலே இருக்கிறது, அதை மட்டும் உள்ளே தள்ளிவிடுங்கள் என்று ஒரு வரி எழுதிவிட்டு, மீதியெல்லாம் சுவரைப் பற்றித்தான் பேசினேன். அவர்களுக்கு நான் வழிதவறிப் பேசியதாகத் தோன்றவே இல்லை.

அந்தப் பெண்ணின் அப்பா வீட்டில் நாங்கள் செய்தது அதிகமில்லை. அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்து ஒவ்வொரு பேப்பர் கட்டையும் அவரைக் கேட்டே எடுத்தோம். முக்கால்வாசியை வராந்தா அலமாரிக்கு மாற்றச் சொன்னார், ஒன்றைக்கூட எடைக்குப் போட விடவில்லை. அரிசிச் சாக்கு சமையலறைக்குப் போனது. 32 அங்குலப் பாதை கிடைத்தது. கட்டிலை எதிர்ச் சுவர்ப்பக்கம் நாலு அங்குலம் தள்ளியதும் மூன்றடி ஆனது. எலக்ட்ரீஷியன் தனி ஒயர் இழுத்து மேசை உயரத்தில் 16 ஆம்பியர் பாயிண்ட் வைத்தார், கெட்டில் அங்கே போனது. சுவர் இருந்த இடத்தில் எல்லாம் கைக்கு எட்டும் உயரத்தில் கம்பி பொருத்தினேன். அவர் அதைப் பிடித்து ஒரு வாரம் நடந்து பழகிய பிறகுதான் நாற்காலியை எடுத்தோம். தம்பிக்கு அந்த வரிசை புரியவில்லை. நாற்காலியை முதல்நாளே எடுத்திருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்குமே என்று கேட்டார். இருட்டில் விளக்கைப் போடாமல் அப்பா கட்டிலிலிருந்து கதவு வரை போவதை ஒரு முறை பார்க்கச் சொன்னேன். பார்த்தபின் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை.

மூன்று வாரம் கழித்து அந்தப் பெண்ணிடமிருந்து இன்னொரு படம் வந்தது. இந்த முறையும் ஒரு வார்த்தை இல்லை. பாதை காலியாக இருந்தது, வாக்கர் கட்டிலை ஒட்டி, கை எட்டும் இடத்தில் நின்றது. துண்டு வாக்கரில் இல்லை, சுவரில் நான் பொருத்திய கம்பியில் காய்ந்துகொண்டிருந்தது. ஈரத்துணிமேல் கை வைத்தால் துணியோடு வழுக்கும். வராந்தாவில் அப்பாவுக்கு எட்டுகிற உயரத்தில் ஒரு கொடி கட்டிக் கொடுங்கள், கம்பியில் துணி போட வேண்டாம் என்று பதில் எழுதினேன்.